டாலர் விலையின் அலைவும் மஞ்சள் ஏற்றுமதியும்

மஞ்சளை உள்ளூர் மண்டியில் விற்பவருக்கு விலை ஒன்றே. வெளிநாட்டு வியாபாரியோடு டாலர்க் கணக்கில் பேரம் முடிப்பவருக்கோ விலைகள் இரண்டு. மஞ்சளுக்கு இத்தனை டாலர் என்பது ஒன்று. பணம் கைக்கு வரும் நாளில் அந்த டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது மற்றொன்று. முன்னது பேரத்தின்போதே நிச்சயமாகிவிடும். பின்னதோ சரக்கு கப்பலேறி, பத்திரங்கள் பாங்கியில் சேர்ந்து, பணம் வந்து சேரும் வரையில் நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். 1993-ஆம் ஆண்டு முதல் ரூபாயின் செலாவணி விகிதம் சந்தையிலேயே நிர்ணயமாகி வருவதால், இம்மாறுதல் எவருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.

இந்த இரண்டாவது விலையைப் பாங்கியின் மூலம் முன்கூட்டியே நிச்சயம் செய்துகொள்ள வழியுண்டு. அதனைக் காப்பு என்போம். காப்பு எல்லோருக்கும் வேண்டியதன்று. வேண்டியவருக்கும் முழுத் தொகைக்கும் வேண்டுமென்பதில்லை. எவ்வளவு வேண்டுமென்பதை ஊகத்தால் அன்றிக் கணக்கால் அறியும் முறையை இங்கே விவரிப்போம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் கணக்குகளைப் பார்க்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

அலைவை அளத்தல்

முதலில் நாள்தோறும் டாலரின் விலையைக் குறித்து வரவேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வெளியாகும் விலையையே எடுத்தல் அவசியம். வேலை நாள்தோறும் பிற்பகலில் வெளியிடப்படும் மேற்கோள் விகிதம் இதற்கு ஏற்றது. ஒரு நாள் காலை விலையையும் மறுநாள் மாலை விலையையும் எடுத்தால், இல்லாத அலைவு கணக்கில் புகுந்துவிடும்.

ரூ.80-ஐ ஒட்டிய விலையில் ஆறு நாட்களின் விகிதம், உதாரணத்திற்காக, பின்வருமாறு இருந்ததென்று வைத்துக்கொள்வோம்: 80.00, 80.25, 80.10, 80.45, 80.20, 80.25. நாம் அளக்க வேண்டியது விலையையன்று. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள மாறுதலையே. அம்மாறுதல்கள் ஐந்து: 25 பைசா ஏற்றம், 15 இறக்கம், 35 ஏற்றம், 25 இறக்கம், 5 ஏற்றம்.

ஏற்றத்தைக் கூட்டியும் இறக்கத்தைக் கழித்தும் பார்த்தால் 25 பைசா நிற்கும். ஐந்தால் வகுக்க, சராசரி மாறுதல் நாளொன்றுக்கு 5 பைசா ஏற்றம். இச்சராசரியிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகிற்றென்று காண்க: முறையே 20, 20, 30, 30, 0 பைசா. ஒவ்வொரு விலக்கத்தையும் அதனாலேயே பெருக்கினால் 400, 400, 900, 900, 0 வரும், மொத்தம் 2,600. இதனை நான்கால் வகுக்க வேண்டும். மாறுதல்கள் ஐந்தாயினும் சராசரியை அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டமையால் வகுக்கும் எண்ணில் ஒன்று குறைகிறது. ஈவு 650, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 25½. இதுவே திட்ட விலக்கம் எனப்படுவது. அதாவது இந்நாட்களில் டாலரின் விலை ஒரு நாளில் சாதாரணமாக 25½ பைசா அளவு இங்குமங்கும் அசைந்தது என்பதாம். 80 ரூபாயில் இது நூற்றுக்கு 0.32 ஆகும்.

ஐந்து மாறுதல்கள் முறையைக் கற்பதற்கே போதும். உண்மைக் கணக்கிற்கு அறுபது நாட்களாவது வேண்டும்; அப்போது பைசாவைவிட முந்திய நாள் விலையில் நூற்றுக்கு எவ்வளவு என்று மாறுதலைக் குறிப்பது சரியாக இருக்கும். சிலர் மாறுதலை விட்டு விலைக்கே திட்ட விலக்கம் காண்கிறார்கள். அது தவறு. விலை நாளொன்றுக்கு 5 பைசா வீதம் ஒரே சீராக ஏறிவந்தால் அங்கே அலைவு என்பது இல்லை; ஆயினும் விலைக்குக் கண்ட விலக்கம் பெரிதாக வந்து நம்மை ஏமாற்றும்.

தவணைக்குத் தக்க அலைவு

பணம் நாளையே வருவதானால் 25½ பைசா கணக்கே போதும். தொண்ணூறு நாள் தவணையென்றால், விடுமுறைகள் நீங்க ஏறக்குறைய 64 சந்தை நாட்கள் உண்டு. ஆதலால் அலைவு 64 மடங்காகும் என்று எண்ணிவிடலாகாது. ஒரு நாள் ஏற்றத்தை மற்றொரு நாள் இறக்கம் ஓரளவு ஈடுசெய்துவிடும். நாட்களின் தொகைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கே அலைவு பெருகும். 64-க்கு வர்க்கமூலம் 8. 25½ பைசாவை எட்டால் பெருக்க 2 ரூபாய் 4 பைசா. நான்கு சந்தை நாட்களில் பணம் வருமாயின் இரண்டு மடங்கு, அதாவது 51 பைசாவே. தவணையைச் சுருக்குவதும் ஒருவகைக் காப்பு என்பது இதனால் விளங்கும்.

இவ்வெண்ணின் பொருள் யாதெனில், தொண்ணூறு நாள் கழித்து டாலரின் விலை இன்றைய விலைக்கு மேலோ கீழோ 2 ரூபாய் 4 பைசாவுக்குள் நிற்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அதன் இரட்டிப்பான 4 ரூபாய் 8 பைசாவுக்கு மேல் இறங்குவதற்கு நாற்பதில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ஏறுமா, இறங்குமா என்பதை இவ்வெண் சொல்வதில்லை. ஏற்றுமதி செய்பவருக்கு டாலர் இறங்குவதே நஷ்டம்.

காப்பு வேண்டுமா?

ஒரு கம்பெனி தன் அங்கத்தினரிடம் மஞ்சள் வாங்கி, 20,000 டாலருக்கு தொண்ணூறு நாள் தவணையில் விற்கிறதென்று கொள்வோம். ரூ.80 விகிதத்தில் வரவு 16 லட்சம். கொள்முதல், மெருகேற்றல், மூட்டை, வண்டிச் சத்தம், பாங்கி வட்டி யாவும் சேர்ந்த செலவு 15 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 60,000 ரூபாய். டாலர் ஒன்றுக்கு 3 ரூபாய் இறங்கினால் இந்த மிச்சம் முழுதும் போய்விடும்.

இப்போது அலைவோடு ஒப்பிடுவோம். இரட்டிப்பு அலைவு 4 ரூபாய் 8 பைசா. 20,000 டாலருக்கு அது 81,600 ரூபாய். மிச்சமோ 60,000 தான். ஆகையால் இக்கம்பெனி காப்பின்றி இருப்பது உசிதமன்று. அதே சரக்கில் ஒன்றரை லட்சம் மிச்சம் நிற்குமானால் இரட்டிப்பு அலைவும் அதனை அழித்துவிடாது, காப்பு கட்டாயமில்லை. மிச்சத்தை இரட்டிப்பு அலைவோடு ஒப்பிடுவதே நாம் கொள்ளத்தக்க விதி.

எவ்வளவுக்குக் காப்பு என்பதும் இக்கணக்கிலேயே கிடைக்கும். அறுபதாயிரம் மிச்சத்தில் பாதியை, அதாவது 30,000 ரூபாயை இழக்கக் கம்பெனி சம்மதிக்கிறது என்போம். 30,000-ஐ 4 ரூபாய் 8 பைசாவால் வகுக்க, சுமார் 7,350 டாலர் வரும். ஆகவே 7,000 டாலரைக் காப்பின்றி விட்டு, எஞ்சிய 13,000 டாலருக்குக் காப்புச் செய்துகொள்ளலாம். டாலர் ஏறினால் அந்த ஏழாயிரத்தில் லாபமும் உண்டு.

காப்பின் வழி

பாங்கியோடு முன் ஒப்பந்தம் செய்வதே வழக்கமான வழி. குறித்த நாளில், இன்றே பேசிய விகிதத்தில், குறித்த தொகை டாலரைப் பாங்கி வாங்கிக்கொள்ளும். ரூபாயின் வட்டி டாலரின் வட்டியைவிட அதிகமாக இருக்கும் காலத்தில் அவ்விகிதம் இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஏற்றுமதியாளருக்கு இது அனுகூலம். பங்குச் சந்தைகளிலும் 2008 முதல் ஆயிரம் டாலர் அளவுள்ள ஒப்பந்தங்கள் நடைபெறுகின்றன. 13,000 டாலருக்கு அங்கே 13 ஒப்பந்தங்கள். ஆயினும் உண்மையான டாலர் வரவோ செலவோ உள்ளவர்களுக்கே அவை உரியவை என்பதை ரிசர்வ் பாங்கி 2024-இல் வலியுறுத்திற்று. அங்கே ஈட்டுத்தொகை கட்டவேண்டுவதோடு, நாள்தோறும் லாப நஷ்டம் கைமாறும் என்பதையும் நினைவில் வைக்க.

ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தம் செய்த டாலரைக் கொடுத்தே தீரவேண்டும். மஞ்சளில் கிழங்கழுகல் கண்டு சரக்குக் குறைந்தாலோ, வாங்குபவர் பின்வாங்கினாலோ, ஒப்பந்தத்தை அன்றைய விலையில் ரத்துச் செய்ய நேரும். டாலர் ஏறியிருந்தால் வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டவேண்டும். ஆதலால் வயலில் நிற்கும் பயிருக்கன்றி, கிடங்கில் உள்ள சரக்குக்கும் கையெழுத்தான பேரத்துக்குமே முழு நம்பிக்கையோடு காப்புச் செய்யலாம்.

இக்கணக்கு பொய்க்கும் இடங்கள்

அமைதியான நாட்களில் எடுத்த அளவு கொந்தளிப்பான நாட்களுக்குப் பொருந்தாது. 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்டு 28 அன்று 68 ரூபாயைத் தாண்டிற்று. பின்னர் அக்டோபர் நடுவிலேயே 62-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகஸ்டு 28-ஆம் நாளின் விலையை நம்பிக் கொள்முதல் செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த ஏற்றுமதியாளருக்கு, டாலருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் குறைந்தது. இத்தகைய காலங்களில் நாட்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்வதால் வர்க்கமூல விதியும் தளர்ந்துவிடும். ஆகவே மாதந்தோறும் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். கடைசி இருபது நாட்களின் திட்ட விலக்கம் அறுபது நாட்களின் அளவைவிட மிகுந்து காணுமானால், அலைவு வளர்கிறதென்று அறிந்து பெரிய எண்ணையே கொள்க.

அலைவு மிகச் சிறியதாய் இருப்பதும் அபாயமின்மைக்கு அத்தாட்சியாகாது. விகிதம் அரசாங்கத்தால் நிலைநிறுத்தப்பட்டிருந்த காலத்தில் ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசாவாக இருந்தது. அந்நாட்களில் இக்கணக்கை யாரேனும் செய்திருந்தால் விடை ஏறக்குறைய பூஜ்யமாகவே வந்திருக்கும். 1966 ஜூன் 6 அன்று அது ஒரேயடியாக 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. இன்றும் ரிசர்வ் பாங்கி டாலரை வாங்கியும் விற்றும் அலைவை அடக்குவதுண்டு. அணை போட்ட வாய்க்காலில் நீர் அசையாமல் நிற்பதைக் கண்டு மேலே வெள்ளம் இல்லையென்று எவரும் சொல்வதில்லை.

எனவே எண் சிறியதாக வந்தபோதிலும், டாலர் நூற்றுக்குப் பத்து இறங்கினால் என்னாகும் என்று தனியே ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். மேற்சொன்ன கம்பெனிக்கு அது டாலருக்கு 8 ரூபாய். காப்பில்லாத 7,000 டாலருக்கு நஷ்டம் 56,000. 60,000 மிச்சத்துக்குள் அடங்கும். இருபதாயிரத்துக்கும் காப்பு இல்லாதிருந்தால் நஷ்டம் 1,60,000. மிச்சம் போனதோடு, அங்கத்தினருக்குக் கொடுக்கவேண்டிய மஞ்சள் கிரயத்திலும் ஒரு லட்சம் குறையும். பேரப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இவ்விரண்டு தொகைகளையும் எழுதி, அங்கத்தினர் கூட்டத்தில் வாசித்துவிட வேண்டும்.