சாஃப்ட் ஸ்டார்ட்டர் சொல்வதும் மீட்டர் சொல்வதும்

நீரேற்று நிலையங்களிலும் நூற்பாலைகளிலும் ஸ்டார்-டெல்டா இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் சாஃப்ட் ஸ்டார்ட்டர்தான் இருக்கிறது. ஸ்டார்-டெல்டா கெட்டால் எந்தக் காண்டாக்டர் கருகியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இதில் அப்படிப் பார்க்க ஒன்றும் கிடையாது. சின்னத் திரையில் ‘ஃபேஸ் லாஸ்’ என்றோ ‘தைரிஸ்டர் ஷார்ட்’ என்றோ ஒரு வரி வரும், மோட்டார் கிளம்பாது. “ஸ்டார்ட்டர் போச்சுண்ணே” என்று ஆபரேட்டர் போனில் சொல்வார். புதிதுக்கு விலை கேட்டு ஆள் அனுப்பும் முடிவும் அந்த ஒரு வரியை நம்பியே எடுக்கப்படுகிறது.

அந்த வரி ஸ்டார்ட்டர் செய்துகொண்ட ஊகம் மட்டுமே. எதை வைத்து அது ஊகிக்கிறது என்று தெரிந்தால், சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டே ஊகம் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு ஃபேஸிலும், லைன் வரும் மேல் முனைக்கும் மோட்டாருக்குப் போகும் கீழ் முனைக்கும் நடுவில் இரண்டு தைரிஸ்டர்கள் எதிரெதிர் திசையில் பொருத்தப்பட்டிருக்கும். தைரிஸ்டரை ஒருவழிக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். மாறுமின்சாரம் இரண்டு திசையிலும் ஓடுவதால் ஜோடியாக இரண்டு வேண்டியிருக்கிறது. கேட் முனைக்குச் சிறு துடிப்பு கிடைத்தால் கதவு திறக்கும். மின்சாரம் பூச்சியத்தைத் தொடும்போது தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எப்போது திறப்பது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்துதான் மோட்டாரை மெதுவாக ஏற்றுகிறார்கள். முழு வேகம் வந்ததும் பைபாஸ் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டு தைரிஸ்டருக்கு ஓய்வு கொடுத்துவிடும்.

மூடிய கதவிலும் கொஞ்சம் கசிவு உண்டு. தைரிஸ்டருக்குக் குறுக்கே மின்தடையும் கண்டென்சரும் சேர்ந்த ஸ்னப்பர் என்ற காப்புச் சுற்று இருக்கும். மோட்டார் நின்றிருக்கும்போதும் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் ஓடும். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் டெர்மினலிலும் மின்சாரம் இருக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் ‘ஆஃப்’ என்று நம்பி அங்கே கை வைத்தால் ஷாக் நிச்சயம். இரண்டு, இந்தக் கசிவே நமக்கு நோயறியும் வழியாகவும் ஆகிறது. ஸ்டார்ட்டரும் இதைத்தான் பார்க்கிறது. மூடியிருக்க வேண்டிய ஜோடியின் குறுக்கே வோல்ட் இல்லை என்றால் ‘கதவு ஒட்டிக்கொண்டது, ஷார்ட்’ என்று முடிவு கட்டிவிடுகிறது.

ஆனால் அங்கே வோல்ட் இல்லாமல் போக வேறு காரணமும் இருக்கிறது. அந்த ஃபேஸில் மோட்டாருக்குப் போகும் கம்பி எங்காவது அறுந்திருந்தாலும் போதும். கீழ் முனை எதோடும் சேராமல் தனியே நிற்கும். ஸ்னப்பர் வழியே மேல் முனையின் வோல்ட் அப்படியே கீழே வந்துவிடும். இரண்டு முனையும் ஒரே அளவில் இருப்பதால் வித்தியாசம் பூச்சியம். ஷார்ட் ஆனாலும் பூச்சியம், கம்பி அறுந்தாலும் பூச்சியம். அந்த ஒரு ஃபேஸை மட்டும் பார்க்கும் ஸ்டார்ட்டரால் இரண்டையும் பிரிக்க முடியாது. சில கம்பெனிகளின் கையேட்டில் இரண்டு காரணத்தையும் ஒரே எச்சரிக்கையின் கீழ் போட்டிருப்பது இதனால்தான்.

பிரித்துக் காட்டுவது மற்ற இரண்டு ஃபேஸ்கள். 75 குதிரைத்திறன் பம்ப் ஒன்று ‘தைரிஸ்டர் ஷார்ட்’ என்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெயின்ஸ் இருக்கிறது, கண்ட்ரோல் சப்ளை இருக்கிறது. தவறியும் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஸ்டார்ட் கட்டளை துண்டிக்கப்பட்டிருக்கிறது, பைபாஸ் விலகியிருக்கிறது, மோட்டார் கேபிள்கள் கழற்றப்படவில்லை. முதலில் உள்ளே வரும் மூன்று ஃபேஸ்களையும் ஒன்றுக்கொன்று அளக்கிறார் எலக்ட்ரீஷியன். மூன்றும் 408 வோல்ட் அருகில். பிறகு ஒவ்வொரு ஃபேஸிலும் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் குறுக்கே அளக்கிறார். ஆர் ஃபேஸில் 2 வோல்ட், ஒய்யில் 203, பி-யில் 205.

எல்லாம் நல்லபடி இருந்தால் மூன்றிலும் சுமார் 236 வந்திருக்க வேண்டும். மூன்று கசிவும் சமமாக இருக்கும்போது மோட்டார் முழுவதும் நியூட்ரலின் அளவில் மிதந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடியின் குறுக்கேயும் லைன் வோல்ட்டை 1.73-ஆல் வகுத்தது நிற்கும். ஆர் ஃபேஸ் தைரிஸ்டர் உண்மையில் ஷார்ட் ஆகியிருந்தால் மோட்டார் முழுவதும் ஆர் ஃபேஸின் வோல்ட்டுக்கு இழுக்கப்படும். அப்போது ஆரில் பூச்சியமும், ஒய், பி இரண்டிலும் முழு 408-ம் காட்டியிருக்கும். இங்கே வந்திருப்பது 408-ன் பாதி. ஒய், பி இரண்டு ஜோடிகளும் மோட்டார் வழியாகத் தொடர்ச்சியாக நின்று 408-ஐச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஆர் ஃபேஸ் அந்த மோட்டாரோடு சேரவே இல்லை என்று அர்த்தம்.

தைரிஸ்டர் நல்லாத்தான் இருக்கிறது. தேட வேண்டிய இடம் ஸ்டார்ட்டரின் கீழ் முனையிலிருந்து மோட்டார் வரை. இப்படிப்பட்ட பம்ப்களில் மோட்டார் டெர்மினல் பாக்ஸில் லக் கருகி விட்டுப்போயிருப்பதும், நீர்மூழ்கி மோட்டாரானால் கேபிள் ஜாயின்ட் பிரிந்திருப்பதும் வழக்கமான கதை. சரிசெய்து மறுபடி அளந்தால் மூன்றும் 236 அருகில் வந்து நிற்கும்.

இதை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. விலை குறைந்த ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் இரண்டு ஃபேஸில்தான் தைரிஸ்டர் இருக்கும். மூன்றாவது ஃபேஸ் செப்புப் பட்டையாக நேரே போய்விடும். அந்த வகையில் பூச்சியம், 408, 408 என்பதுதான் நல்ல நிலை! இது தெரியாமல் நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டாரின் ஆறு கம்பிகளையும் கொண்டுவந்து டெல்டாவுக்கு உள்ளே இணைத்த ஸ்டார்ட்டரில் கணக்கே வேறு. ஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ஒட்டும் லைன் காண்டாக்டர் முன்னால் இருந்தால், நிறுத்திய நிலையில் உள்ளே மின்சாரமே இருக்காது. இந்தச் சோதனை அங்கே நடக்காது.

‘ஃபேஸ் லாஸ்’ என்ற வரிக்கு வருவோம். இங்கே மீட்டர்தான் ஆளை ஏமாற்றும். ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போயிருக்கிறது, ஆனால் அளந்தால் அந்த ஃபேஸிலும் 200 வோல்ட் காட்டுகிறது. மற்ற இரண்டு ஃபேஸிலிருந்து மோட்டார் சுருள் வழியாக, ஸ்னப்பர் வழியாகத் திரும்பி வந்த போலி வோல்ட் அது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால் அந்தச் சன்னமான கசிவும் அதற்குப் போதும். பழைய வயர்மேன்கள் இரண்டு பல்பைச் சீரியலாகக் கட்டிய டெஸ்ட் லேம்ப்பை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது: பல்புக்கு ஆம்பியர் வேண்டும், போலி வோல்ட் அங்கே சுருண்டுவிடும். அதைவிட நல்லது, ஃபியூஸின் இரண்டு நுனிக்கும் குறுக்கே நேரே அளப்பது. லோடு இருக்கும்போது நல்ல ஃபியூஸில் பூச்சியத்தை ஒட்டித்தான் காட்டும். போன ஃபியூஸில் வோல்ட் நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஏமாற்று இன்னும் பெரிது. ஒரு ஃபேஸ் போன பிறகும் சுழலும் மோட்டார் அந்த ஃபேஸுக்கு வேண்டிய வோல்ட்டைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். மீட்டரில் மூன்றும் ஏறக்குறைய சரியாகவே தெரியும். அந்த நேரத்தில் வோல்ட்டை விட்டுவிட்டு கிளாம்ப் மீட்டரைப் போட வேண்டும். ஒன்றில் பூச்சியம், மற்ற இரண்டில் வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

நின்றிருக்கும்போது எல்லாம் சரி, ஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ‘ஃபேஸ் லாஸ்’ என்றால் தளர்ந்த ஜாயின்டையோ கருகிய காண்டாக்ட்டையோ தேடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது 300 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலும் அந்த ஒரு புள்ளியில் 4,500 வாட் வெப்பம் உண்டாகும். லோடு இல்லாத வோல்ட் அளவீட்டில் அந்தத் தடை கண்ணில் படவே படாது.

வோல்ட் அளவீடு ‘பூச்சியம், 408, 408’ என்று வந்து, ஸ்டார்ட்டர் மூன்று ஃபேஸிலும் தைரிஸ்டர் உள்ளது என்றும் உறுதியானால்தான் ஓம் சோதனை. மெயினை ஆஃப் செய்து பூட்டி, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்து, மோட்டார் கேபிள்களையும் கழற்றிவிட்டு, மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் குறுக்கே அளக்க வேண்டும். நல்ல ஜோடியில் கிலோ ஓம் கணக்கில் வரும்; சரியான எல்லையைக் கையேடு சொல்லும், ஆனால் மூன்று ஃபேஸையும் ஒப்பிடுவதே பெரும்பாலும் போதும். இரண்டில் பல கிலோ ஓமும் ஒன்றில் ஓரிரு ஓமும் வந்தால் அந்த ஃபேஸில் ஷார்ட் இருக்கிறது.

அப்போதும் தைரிஸ்டர்தான் என்று சொல்லிவிட முடியாது. பைபாஸ் காண்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே பூச்சியம்தான் வரும். பைபாஸ் வெளியே இருந்தால் அதன் கம்பியைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். உள்ளேயே பைபாஸ் வைத்த சில மாடல்களில் லாரியில் வரும் குலுக்கலிலேயே காண்டாக்ட் ஒட்டிக்கொள்வதுண்டு. மெயினுக்கு முன்னால் கண்ட்ரோல் சப்ளையைக் கொடுங்கள் என்று அவற்றின் கையேட்டில் எழுதியிருப்பது அதற்காகத்தான்; கொடுத்ததும் அது விலகிவிடும். புது ஸ்டார்ட்டரையே திருப்பி அனுப்பும் சங்கடம் மிச்சமாகும்.

ஓம் மீட்டரின் ஒன்பது வோல்ட் பேட்டரியில் நல்லதாகத் தெரியும் தைரிஸ்டர் 415 வோல்ட்டில் உடைந்துபோகவும் கூடும். ஆகவே ஓம் சோதனை ‘கெட்டது’ என்றால் நம்பலாம்; ‘நல்லது’ என்றால் பாதிதான் நம்ப வேண்டும். முன்பு எடுத்த வோல்ட் அளவீட்டை அதோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

தைரிஸ்டர் உண்மையில் போயிருந்தால் ஏன் போனது என்று கேட்காமல் புதிதைப் போடாதீர்கள். மோட்டார் பக்கம் ஷார்ட் ஆகும்போது சாதாரண எம்.சி.சி.பி. விழுவதற்குள் தைரிஸ்டர் போய்விடும். அதைக் காக்க வல்லது வேகமாக உருகும் செமிகண்டக்டர் ஃபியூஸ்தான். பவர் ஃபேக்டர் கண்டென்சரை ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கட்டியிருந்தாலும் அது தைரிஸ்டருக்கு எமன். மோட்டாரின் இன்சுலேஷனைப் பார்க்க மெக்கர் போடும்போது ஸ்டார்ட்டரோடு சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். கேபிளைக் கழற்றிவிட்டு மோட்டாருக்கு மட்டும் போட வேண்டும்.

415 வோல்ட்டில் உயிரோடு அளக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. அவர் கையில் இருக்க வேண்டியது கேட்-3 தரமுள்ள, உள்ளே ஃபியூஸ் வைத்த மீட்டர். நிலையத்தைக் கவனிப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, நிறுத்திய நிலையில் மூன்று ஃபேஸின் குறுக்கு வோல்ட்டை அளக்கச் சொல்லி, இரண்டு ஃபேஸ் வகையா மூன்று ஃபேஸ் வகையா என்பதையும் சேர்த்து, பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவைத்துவிடுங்கள்.