உங்களுக்குத் தெரியுமா? வெற்றுத் தாள்துண்டே காட்டிக்கொடுக்கும்!

ஈ.சி.ஜி. தாளில் உயர்ந்து நிற்கும் கூர்முனைகள் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. ஒரு வெற்றுத் தாளின் ஓரத்தை அவற்றின் கீழே வைத்து, அடுத்தடுத்த நான்கு முனைகளுக்குப் பென்சிலால் கோடிடுங்கள். தாளைப் பக்கவாட்டில் நகர்த்தினால், சீரான இதயத்தில் கோடுகள் அடுத்த முனைகளோடும் பொருந்தும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது.

காரணம் மேலறைகளில் இருக்கிறது. அங்கே நிமிடத்துக்கு 350க்கும் மேலான மின்னலைகள் தாறுமாறாகச் சுற்றுகின்றன. நடுவிலுள்ள ஏ.வி. கணு அவற்றில் சிலவற்றை மட்டும், ஒழுங்கில்லாத இடைவெளியில் கீழே விடுகிறது. மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காததால், ஒவ்வொரு முனைக்கும் முன்னால் வரவேண்டிய சிறு மேடான P அலையும் இல்லை. அடிக்கோடு நடுங்கிக்கொண்டிருக்கும், V1 பதிவில் இது நன்றாகத் தெரியும்.

வேகத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குவார்கள். இரு முனைகளுக்கிடையே 2 பெரிய கட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 150 துடிப்பு. அடுத்த இடைவெளி 4 கட்டங்கள் என்றால் 75. எதை நம்புவது? இரண்டையும் நம்ப வேண்டாம். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் 30 பெரிய கட்டங்கள் 6 விநாடி. அதற்குள் 13 முனைகள் இருந்தால், பத்தால் பெருக்குங்கள்: 130.

ஓர் எச்சரிக்கை: குளிர் நடுக்கமும் பார்க்கின்சன் நோயாளியின் கைநடுக்கமும் அடிக்கோட்டை இதேபோல் ஆட்டிவைக்கும். அப்போது இடைவெளி சீராக இருக்கிறதா என்று அந்தத் தாள்துண்டை வைத்துப் பாருங்கள்.