ஆப்ஷன் பிரீமியம்: வாங்குவதா, விற்பதா?

இரண்டு பங்குகள். ஒன்றின் ஆப்ஷனில் இம்ப்ளைடு வொலட்டிலிட்டி, அதாவது ஐ.வி., 40 சதவீதம், மற்றதில் 27. எதன் பிரீமியம் மலிவு? 27 என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பங்கு இனி எவ்வளவு ஏறி இறங்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ, அதுவே ஐ.வி. இயல்பிலேயே அதிகம் ஆடும் பங்குக்கு அது எப்போதும் உயர்வாக இருக்கும். ஆகவே ஒரு பங்கின் ஐ.வி.யை அதன் கடந்த ஓராண்டு ஐ.வி.யோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் ஐ.வி. ரேங்க். இன்றைய ஐ.வி.யிலிருந்து ஆண்டின் குறைந்த அளவைக் கழித்து, ஆண்டின் உச்சத்துக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும்.

முதல் பங்கின் ஐ.வி. ஓராண்டில் 35-க்கும் 85-க்கும் இடையே இருந்தது என்று வைப்போம். இன்றைய 40-க்கு ரேங்க் 10. இரண்டாவது பங்குக்கு எல்லை 12 முதல் 32 வரை என்றால், 27-க்கு ரேங்க் 75. 40 சதவீதம் மலிவு. 27 சதவீதம் விலை அதிகம்!

உச்சத்துக்குப் போன ஐ.வி. பெரும்பாலும் தன் வழக்கமான அளவுக்கே இறங்கி வரும். அப்போது பிரீமியமும் கரையும். பங்கு போகும் திசையைச் சரியாகக் கணித்தவர்கூட, விலை அதிகமான பிரீமியத்தை வாங்கியிருந்தால் நஷ்டப்படலாம். அதனால்தான் ரேங்க் 50-க்கு மேல் இருந்தால் விற்பனை உத்திகளையும், 20, 30-க்குக் கீழே இருந்தால் வாங்கும் உத்திகளையும் பலர் முதலில் பரிசீலிக்கிறார்கள்.

ஆனால் ரேங்க் காப்பீடு அல்ல. 2024 ஏப்ரல் பிற்பகுதியில் 10-ஐ ஒட்டி இருந்த இந்தியா விக்ஸ், தேர்தல் முடிவு நெருங்கியபோது 20-ஐத் தாண்டியது. ரேங்க்கை மட்டும் பார்த்தவருக்கு அது விற்கும் நேரம். ஜூன் 4-ல் நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது; விக்ஸ் இடையில் 30-ஐயும் கடந்தது. மறுநாளே 20-க்குக் கீழ் வந்தது. ஐ.வி. இறங்கும் என்ற கணிப்பு பலித்தது. ஆனால் பாதுகாப்புக்கு எட்டத்தில் ஓர் ஆப்ஷன் வாங்கி வைக்காமல் புட் விற்றவர், முந்தைய நாள் அடியைத் தாங்கியிருக்க வேண்டும்.

கணக்கிலேயும் ஒரு குறை உண்டு. 2020 மார்ச்சில் விக்ஸ் 80-ஐத் தாண்டியது. அந்த ஒரே உச்சம் ஓராண்டுக்கு வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கியது. அதனால் 20 என்ற சற்றே உயர்ந்த அளவுக்குக்கூட ரேங்க் 20-ஐ எட்டவில்லை; பிரீமியம் மலிவு என்ற தோற்றம் வந்தது. இன்றைய அளவைவிட ஐ.வி. குறைவாக இருந்த நாட்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஐ.வி. பர்சென்டைலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்சென்டைல் உயர்ந்தும் ரேங்க் தாழ்ந்தும் இருந்தால், பழைய உச்சம் ஒன்று ரேங்க்கை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள்.