வங்கியில் கூடுதலாக விழுந்த ₹585.84

இணையத்தில் கைத்தறிச் சேலை விற்கும் சிறிய கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை அன்று அந்தக் கடையின் ஆர்டர் பட்டியலில் பணம் செலுத்தப்பட்டதாக 23 ஆர்டர்கள் இருக்கின்றன. மொத்தம் ₹41,300. புதன்கிழமை காலை கடையின் வங்கிக் கணக்கில் ₹38,912.16 ஒரே தொகையாக வந்து விழுகிறது. வாடிக்கையாளர்களிடம் பணத்தை வாங்கிக் கடைக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே நிறுவனம் போட்ட பணம் அது. எந்தச் சேலைக்கு எவ்வளவு என்ற விவரம் பாஸ்புக்கில் இருக்காது. ஒரு யுடிஆர் எண் மட்டும்தான் இருக்கும்.

கடைக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். கேட்வேயின் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக நூறு ரூபாய்க்கு ₹2.36. 41,300 ரூபாய்க்கு ₹974.68 போகும். போன வாரச் சேலை ஒன்று திரும்பி வந்ததில் ₹1,999 ரீஃபண்ட் கொடுத்திருக்கிறார், அதையும் கழித்திருப்பார்கள். அப்படியானால் வரவேண்டியது ₹38,326.32. வந்திருப்பதோ அதைவிட ₹585.84 கூடுதல். குறைந்திருந்தால் அன்றே போனைப் போட்டிருப்பார். கூடுதலாக வந்ததால், ஏதோ பழைய பாக்கியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார். பெரும்பாலான சிறு கடைகளில் கணக்குப் பார்ப்பது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரே நாளுக்குள் நான்கு கோளாறுகள் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது.

வங்கியில் விழுந்த தொகைக்கும் கடையின் ஆர்டர் பட்டியலுக்கும் நடுவில் இன்னொரு காகிதம் உண்டு. அதுதான் செட்டில்மென்ட் ஃபைல். ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் அந்தத் தொகை எதனால் ஆனது என்று கேட்வே வரி வரியாகக் கொடுக்கும் பட்டியல் இது. ஒவ்வொரு வரியிலும் அது வரவா ரீஃபண்டா என்ற வகை, கேட்வே கொடுத்த பேமென்ட் எண், கடை கொடுத்த ஆர்டர் எண், தொகை, கட்டணம், வரி, பணம் எந்த யுடிஆரில் போனது என்பதெல்லாம் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பத்திகளின் பெயர் மாறும், ஆனால் விஷயம் இதுதான். கட்டணப் பத்தியைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சிலர் ஜிஎஸ்டியைச் சேர்த்தே கட்டணமாகக் காட்டுவார்கள், சிலர் தனியாகக் காட்டுவார்கள். தெரியாமல் இரண்டையும் கழித்தால் கணக்கு தினமும் இடிக்கும்.

முதலில் ஃபைலையும் வங்கியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நம் கடையின் ஃபைலில் வரவு ₹41,900. கட்டணம் ₹838, ஜிஎஸ்டி ₹150.84, ரீஃபண்ட் ₹1,999. கழித்தால் பைசா பிசகாமல் ₹38,912.16 வருகிறது. கேட்வே சொன்ன பணத்தை அப்படியே போட்டிருக்கிறது என்பது இதில் உறுதியாகிறது. இனி வங்கியை மறந்துவிடலாம். இடிப்பது ஃபைலுக்கும் ஆர்டர் பட்டியலுக்கும் நடுவில்தான்: அங்கே 41,300, இங்கே 41,900. வேடிக்கை என்னவென்றால், ஃபைலிலும் 23 வரவுகள்தான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள்.

இரண்டையும் ஆர்டர் எண்ணை வைத்துத்தான் பொருத்த வேண்டும். தொகையை வைத்துப் பொருத்தவே கூடாது. ஒரே விலைச் சேலையை ஒரே நாளில் நான்கு பேர் வாங்கினால் யாருடைய பணம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பொருத்தும்போது பணம் வந்த ஆர்டர்களை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்டிங், ரத்து, தோல்வி என்று எந்த நிலையில் இருந்தாலும் எல்லா ஆர்டர்களையும் பட்டியலில் வையுங்கள். காரணம் பின்னால் புரியும்.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும். ஆர்டர்கள் ஒரு தாளில், செட்டில்மென்ட் ஃபைல் இன்னொரு தாளில். ஆர்டர் தாளின் A பத்தியில் ஆர்டர் எண், D பத்தியில் தொகை. செட்டில்மென்ட் தாளில் B வகை, C ஆர்டர் எண், E தொகை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் இந்த இரண்டு வரிகள்:

```
=COUNTIFS(Settlement!C:C, A2, Settlement!B:B, "payment")
=SUMIFS(Settlement!E:E, Settlement!C:C, A2, Settlement!B:B, "payment") - D2
```

முதலாவது அந்த ஆர்டருக்கு எத்தனை முறை பணம் வந்தது என்று சொல்லும். இரண்டாவது எவ்வளவு கூடுதல் குறைவு என்று சொல்லும். பணம் வந்த ஆர்டருக்கு 1-ம் 0-ம் வந்தால் கவலையில்லை. பலரும் பழக்கத்தில் VLOOKUP போடுவார்கள். அது முதலில் கண்ணில் படும் வரியோடு நின்றுவிடும், அதே ஆர்டருக்கு இரண்டாவது வரி இருப்பதைச் சொல்லாது. ஃபைலைத் திறக்கும்போதே எண் பத்திகளை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்வதும் முக்கியம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இருப்பதைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களையும் தின்றுவிடும். பிறகு எதுவும் எதோடும் பொருந்தாது.

நம் கடையில் 21 ஆர்டர்கள் ஒழுங்காகப் பொருந்திவிட்டன. அவற்றின் மொத்தம் ₹37,650. மீதி இருப்பவைதான் விஷயம்.

ஆர்டர் பட்டியலில் இருந்து ஃபைலில் இல்லாதவை இரண்டு. ஒன்று ₹1,450. திங்கள் இரவு 11.52-க்கு ஆர்டர் பதிவாகியிருக்கிறது, பணம் உறுதியானது 12.04-க்கு. கடைக்கு அது திங்கள், கேட்வேக்குச் செவ்வாய். வியாழக்கிழமை ஃபைலில் தானாக வந்துவிடும். கடையின் சர்வர் இந்திய நேரத்தில் ஓடாமல் உலகப் பொது நேரத்தில் ஓடினால் இந்தக் குழப்பம் ஐந்தரை மணி நேர ஆர்டர்கள் முழுவதற்கும் வரும். தினமும் ஒரு கொத்து ஆர்டர்கள் ஒரு நாள் தள்ளியே பொருந்தினால் அதைச் சந்தேகியுங்கள்.

மற்றது ₹2,200. வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட, கடைப் பணியாளர் கையால் ‘செலுத்தப்பட்டது’ என்று மாற்றியிருக்கிறார். கடைக்காரரின் சொந்த யுபிஐ கணக்கிலும் அந்தப் பணம் இல்லை. மறுநாள் ஃபைலிலும் வரப்போவதில்லை. சேலை போய்விட்டது. ஆர்டரின் நிலையைக் கையால் மாற்றும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கடைக்காரர் யோசிக்க வேண்டிய நேரம் இது.

இனி எதிர்ப்பக்கம். ஃபைலில் கூடுதலாக இருப்பவையும் இரண்டு. 1018-ம் எண் ஆர்டருக்கு ₹1,850 இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை திரை சுற்றிக்கொண்டே நின்றதால் வாடிக்கையாளர் மறுபடி செலுத்தியிருக்கிறார், இரண்டுமே வெற்றி. பேமென்ட் எண்கள் வேறு வேறு, ஆர்டர் எண் ஒன்று. மேலே சொன்ன முதல் வரி இங்கே 2 என்று காட்டும்.

கடைசி வரி ₹2,400. இதன் ஆர்டர் கடையில் பெண்டிங் என்றே நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதையும் செய்வதற்கு இந்த ஒரு வகை போதும். வாடிக்கையாளரின் வங்கியில் பணம் எடுக்கப்பட்டுவிட்டது, உறுதிச் செய்தி கேட்வேக்குத் தாமதமாக வந்தது. அல்லது கேட்வேக்கு உடனே வந்து, அது கடையின் சர்வருக்கு அனுப்பிய தகவல் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் சர்வர் படுத்திருந்தாலே போதும். கடைத் திரையில் பணம் வரவில்லை. வாடிக்கையாளர் வங்கியைக் கேட்டால் ‘பரிவர்த்தனை வெற்றி’ என்கிறார்கள், கடையைக் கேட்டால் ‘எங்களுக்கு வரலியே மேடம்’ என்கிறார்கள். இருவரும் தங்கள் திரையில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் போய் வணிகருக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. ஆனால் இங்கே பணம் திரும்பாது. கேட்வேயைப் பொறுத்தவரை வியாபாரம் முடிந்து, பணம் கடைக்கணக்கிலும் சேர்ந்துவிட்டது. உண்மை தெரிந்தது செட்டில்மென்ட் ஃபைலுக்கு மட்டும்தான். ‘செலுத்தப்பட்டது’ என்ற ஆர்டர்களை மட்டும் வடிகட்டிப் பொருத்தியிருந்தால் இந்த வரிக்கு ஜோடியே கிடைத்திருக்காது. யாருடைய பணம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது கூடுதல் ₹585.84 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஆர்டரில் இருந்து வராதது ₹3,650, ஆர்டர் கணக்கில் இல்லாமல் வந்தது ₹4,250. வித்தியாசம் ₹600. அதற்கான கட்டணமும் வரியும் ₹14.16. கழித்தால் அதே ₹585.84. கோளாறுகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு சிறிய தொகையாக, அதுவும் லாபம் போலத் தோன்றின. உண்மையில் அதில் ₹1,850 திருப்பித் தர வேண்டிய பணம்; ₹2,400-க்குச் சேலை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும்; ₹2,200 நஷ்டம்.

பொருந்தாதவற்றைத் தேதியோடு ஒரு நிலுவைத் தாளில் எழுதி வைத்து, அடுத்தடுத்த ஃபைல்களோடு ஒத்துப் பார்த்து அடிக்க வேண்டும். நள்ளிரவு வகை ஓரிரு வேலை நாளில் தானாக மறையும். அதற்கு மேலும் நிற்பவற்றை பேமென்ட் எண்ணோடு கேட்வேக்கு எழுதுங்கள். ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த முறையால் பிடிக்க முடியாததும் உண்டு. ₹2,400 சேலைக்கு இணையதளத்தில் ₹240 என்று தவறாக விலை போட்டிருந்தால், ஆர்டரும் 240, பணமும் 240. அழகாகப் பொருந்திவிடும். வீட்டு வாசலில் வாங்கும் ரொக்கமும் இதில் வராது. அதற்குக் கூரியர் நிறுவனத்தின் பட்டியலைத் தனியாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

கடை வைத்திருக்காத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் போய், ஆர்டர் வரவில்லை என்றால் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். அதைத் தேதியோடு கடைக்கு எழுதி, கேட்வேயில் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.