குத்தகைக்குக் கொடுத்தவரின் கணக்கு

2,48,685 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கிய நிதி நிறுவனம், அதை 3 ஆண்டு நிதிக் குத்தகைக்கு விடுகிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 1,00,000 ரூபாய் வரும். வட்டி 10 சதவீதம். முடிவில் இயந்திரத்துக்கு மதிப்பு இல்லை.

முதல் நாளில் குத்தகை வரவேண்டியது 3,00,000 பற்று. இயந்திரம் 2,48,685 வரவு. மீதி 51,315 இன்னும் ஈட்டாத நிதி வருமானம், அதுவும் வரவு. இதை அன்றே லாபமாகக் காட்டக்கூடாது. அது காலம் கடந்தால்தான் கிடைக்கும் வட்டி.

முதல் ஆண்டு தவணை வந்ததும் வங்கி 1,00,000 பற்று, வரவேண்டியது வரவு. கூடவே இன்னொரு பதிவு: ஈட்டாத வருமானம் 24,869 பற்று, நிதி வருமானம் வரவு. இது 2,48,685-இன் 10 சதவீதம். தவணையில் எஞ்சும் 75,131 அசல். நிலுவை 1,73,554 ஆகக் குறைவதால் இரண்டாம் ஆண்டு வட்டி 17,355. மூன்றாம் ஆண்டு 9,091.

பலர் 51,315-ஐ மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு 17,105 எழுதிவிடுகிறார்கள். கடைசியில் கணக்கு பூஜ்யமாவதால் தவறு வெளியே தெரியாது. வருமானத்தை ஆண்டுத் தொடக்க நிலுவையால் வகுத்துப் பாருங்கள்: முதல் ஆண்டு 6.9 சதவீதம், கடைசி ஆண்டு 20.6 சதவீதம். சரியான பதிவில் மூன்று ஆண்டும் 10 சதவீதமே வரும்.