வீட்டுமனை விளம்பரமா? இந்த நாலு விஷயம் இருக்கா பாருங்க!

'சென்ட் வெறும் 4 லட்சம்! பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம். இன்றே புக் செய்யுங்கள்!' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு போஸ்டர் வரும். மனைக்கு என்ன அனுமதி இருக்கிறது, மொத்த விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்காது.

அதே மனையை நேர்மையாக விளம்பரம் செய்தால் இப்படி இருக்கும்:

'திண்டிவனம் அருகே வீட்டுமனை. டி.டி.சி.பி. ஒப்புதல் எண் ____, ரெரா பதிவு எண் ____. அளவு 30க்கு 40 அடி, 1,200 சதுர அடி, சுமார் 2.75 சென்ட். சதுர அடி 920 ரூபாய், மொத்தம் 11,04,000 ரூபாய். பத்திரச் செலவு தனி. பஸ் ஸ்டாண்டிலிருந்து 6 கி.மீ. முதல் நாளே போன் செய்தால் வரைபட நகல் அனுப்புவோம். நேரில் மனையை அளந்து காட்டுவோம். அன்று முன்பணம் வாங்க மாட்டோம்.'

இதில் முதலில் பார்க்க வேண்டியது ஒப்புதல். 'அப்ரூவலுக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்றால் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். டி.டி.சி.பி. ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்து அப்ரூவலை மட்டும் காட்டினால் அது செல்லாது. சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அந்தப் பதிவு எண்ணை rera.tn.gov.in தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

அடுத்தது விலை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்ட் 4 லட்சம் என்றால் சதுர அடிக்குச் சுமார் 918 ரூபாய் வருகிறது. ஒருவர் சென்ட்டிலும் இன்னொருவர் சதுர அடியிலும் விலை சொன்னால், இப்படி மாற்றிப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவிகிதம். 11,04,000 ரூபாய்க்கு அது 99,360 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால், அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

மனையைப் பார்க்கப் போகும்போது ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனை எண், எல்லைக் கல், சாலையின் அகலம் மூன்றும் அதோடு பொருந்த வேண்டும். டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். 'இன்னைக்கு டோக்கன் போட்டால்தான் இந்த விலை' என்று அவசரப்படுத்தினால், பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒப்புதல் என்பது மனைப்பிரிவின் அமைப்புக்குத்தான். நிலம் யாருடையது என்பதை அது சொல்லாது. அதற்கு சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டாவையும் 30 வருட வில்லங்கச் சான்றையும் எடுத்து, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.