ஜப்பான் காரின் எச்சரிக்கை விளக்குகளும் பராமரிப்புப் புத்தகமும்

இலங்கை வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்குவா, வாகன்ஆர் போன்ற கார்களில் கணிசமானவை முதலில் ஜப்பான்காரருக்காகவே செய்யப்பட்டவை. அங்கே சில காலம் ஓடிய பிறகு கப்பலேறி, 'ரீகண்டிஷன்' வாகனங்களாக இங்கே வந்தவை. இரு நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் இடது பக்கத்தில் ஓடுவதால் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டிய தேவையில்லை. மாறாமலே வந்து சேரும் இன்னொன்று மொழி. முகப்புத் திரையில் தோன்றும் செய்திகளும், கையுறைப் பெட்டிக்குள் கிடக்கும் பராமரிப்புப் புத்தகமும் ஜப்பானிய எழுத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால், ஒரு விளக்கு எரியும்போது அது எவ்வளவு அவசரமானது என்பதைத் தீர்மானிக்கும் தகவல் சில வேளைகளில் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும்.

விளக்குகளில் உள்ள படங்களுக்கு மொழி கிடையாது. எண்ணெய்க்குவளை, வெப்பமானி, பற்றரி, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி ஆகியவை சர்வதேச நியமப்படி எல்லா நாட்டுக் கார்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. நிறங்களும் அப்படித்தான். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்பதை மட்டும் சொல்பவை.

விளக்கு எரிவதைப் போலவே எரியாமல் இருப்பதும் ஒரு செய்தி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் பெரும்பாலும் எல்லாமே ஒருமுறை எரிய வேண்டும். பொத்தான் உள்ள காரில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். எயார்பேக் விளக்கு போன்ற சில, சில விநாடிகளில் தாமாக அணையும். ஒயில் விளக்கு போன்றவை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். அந்த நேரத்தில் எயார்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், பழுதை மறைப்பதற்காக யாராவது அதைத் துண்டித்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர் வெளிப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

சிவப்பு விளக்குகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எண்ணெய்க்குவளைப் படம். "ஒயில் குறைந்திருக்கிறது, வீட்டுக்குப் போய் ஊற்றலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கு காட்டுவது ஒயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. எஞ்சினுக்குள் வேகமாகச் சுழலும் தண்டு அழுத்தத்தோடு வரும் ஒயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அழுத்தம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும், எஞ்சின் சில நிமிடங்களிலேயே கெட்டுப்போகலாம். எனவே ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அளவுகோலை இழுத்துப் பார்க்கலாம். ஒயில் குறைவாக இருந்தால் ஊற்றி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடிகளில் விளக்கு அணைய வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழுது பம்பிலா சென்சரிலா என்பதை வீதியோரத்தில் நின்று கண்டுபிடிக்க முடியாது. கராஜ் வரை கட்டி இழுத்துச் செல்வதுதான் மலிவான வழி.

வெப்பமானி விளக்கும் உடனே நிறுத்தச் சொல்வதுதான். விட்ஸ் போன்ற சிறிய கார்களில் வெப்பம் காட்டும் முள் இருக்காது. எஞ்சின் குளிராக இருக்கும்போது நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடாகும்போது சிவப்பு விளக்கும் வரும், அவ்வளவுதான். சிவப்பு வந்தால் ஏசியை அணைத்து, வாகனத்தை நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

மஞ்சள் விளக்குகளுக்கு இந்த அவசரம் இல்லை. எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால், சில நாட்களுக்குள் ஸ்கேன் செய்து பார்க்கலாம். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பல கார்களில் அதற்குப் பொருள் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது, அங்கே இருக்கும் வினையூக்கி மாற்றி சூடேறிக் கெடுகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, எஞ்சினுக்குச் சுமை கொடுக்காமல், அருகிலுள்ள கராஜுக்குப் போக வேண்டும்.

படத்தோடு எழுத்தும் வரும் கார்களில்தான் மொழி குறுக்கே நிற்கிறது. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு: ஜப்பானிய வாக்கியத்திலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். செய்தியின் முற்பகுதி எந்தப் பாகம் என்று சொல்லும், முடிவு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அவசரத்தை அறிய முடிவைப் பார்த்தாலே போதும். அங்கே 停車 என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் "வாகனத்தை நிறுத்து" என்று பொருள். 安全な場所に停車してください என்ற முழு வாக்கியமும் "பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்" என்றுதான் சொல்கிறது. 点検 என்றால் பரிசோதனை. 販売店で点検 என்று வந்தால், விற்பனை நிலையத்தில் காட்டிப் பரிசோதிக்கச் சொல்கிறது, அந்த இடத்திலேயே நிற்கச் சொல்லவில்லை. 補給 என்றால் குறைந்ததை நிரப்புவது, 交換 என்றால் மாற்றுவது. முற்பகுதியில் வரும் சொற்களில் கட்டாயம் அடையாளம் காண வேண்டியவை 高温, 過熱 என்ற இரண்டு. இரண்டுமே மிகையான சூட்டைக் குறிப்பவை. இந்த ஆறு சொற்களையும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி சூரிய மறைப்புத் தட்டின் பின்புறம் ஒட்டி வைக்கலாம்.

பராமரிப்புப் புத்தகத்தின் அட்டையில் பெரும்பாலும் メンテナンスノート என்று இருக்கும். அதில் பல பக்கங்கள் விளம்பரமும் உத்தரவாத விதிகளும்தான். தேட வேண்டியது 点検整備記録簿 என்ற தலைப்புள்ள பக்கத்தை. பரிசோதனையின்போது ஜப்பான் கராஜ்காரர் கையால் நிரப்பிய பதிவேடு அது. ஆண்டுகள் பெரும்பாலும் பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். 平成 என்று தொடங்கினால் அந்த எண்ணோடு 1988ஐயும், 令和 என்று தொடங்கினால் 2018ஐயும் கூட்ட வேண்டும். 平成28年 என்பது 2016. பக்கத்தில் 走行距離 என்ற இடத்தில் அன்றைய கிலோமீற்றர் இருக்கும். இன்று மீற்றரில் தெரியும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், மீற்றர் பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது.

பதிவேட்டில் உள்ள குறிகள் எளிதில் ஏமாற்றும். ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே ஒரு சிறு குறி இடப்பட்டிருக்கும். レ என்பது சரிக்குறி, பாகம் நன்றாக இருக்கிறது. × என்பதைப் பார்த்ததும் "பழுது" என்றுதான் எவரும் நினைப்பார். உண்மையில் அதன் பொருள், அந்தப் பாகம் அன்றே புதிதாக மாற்றப்பட்டது என்பது. A என்றால் சரிசெய்யப்பட்டது, C துப்புரவு, T இறுக்கியது, L ஒயிலோ நீரோ விட்டது. × அதிகமுள்ள புத்தகத்தைக் கண்டு பயந்து காரை வேண்டாம் என்பவர், நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு வண்டியைக் கைவிடக்கூடும்.

விளக்கும் புத்தகமும் சேர்ந்து ஒரு முடிவைத் தருவதற்கு ஓர் உதாரணம். 2015இல் பதிவான ஒரு பெற்றோல் விட்ஸ். மீற்றரில் இப்போது 63,000 கிலோமீற்றர். இடப்பக்க வளைவுகளில் திரும்பும்போது மட்டும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள சிவப்பு விளக்கு மின்னி மறைகிறது. கைப்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறது. வளைவில் மட்டும் மின்னுவது, பிரேக் திரவம் கலத்தில் அடிக்கோட்டுக்கு அருகே இறங்கி, திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறது என்பதற்கான அறிகுறி. திரவம் குறைய இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிரேக் பேட் தேயும்போது அந்த இடைவெளியை நிரப்பத் திரவம் கீழே இறங்கும், இது இயல்பானது. அல்லது எங்கோ கசிகிறது. இரண்டாவது உயிராபத்து.

இங்கே புத்தகம் உதவுகிறது. 平成28年 பதிவில் 11,000 கிலோமீற்றரில் முன் பேட்டின் தடிப்பு 9 மில்லிமீற்றர். 平成29年 பதிவில் 23,000 கிலோமீற்றரில் 7.5. அதாவது 8,000 கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் தேய்கிறது. அதற்குப் பிறகு கார் 40,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, 5 மில்லிமீற்றர் போயிருக்கும், மீதி ஏறக்குறைய 2.5. மூன்றுக்குக் கீழே போனால் பேட்டை மாற்றுவதே வழக்கம். இங்கே வந்த பிறகு பேட் மாற்றியதற்கு ரசீதும் இல்லை. ஆகவே திரவம் இறங்கியதற்குத் தேய்வே போதிய காரணம். ஆனாலும் கணக்கை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. நான்கு சில்லுகளின் உட்புறத்திலும் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி உறுதியாக நின்றால் மெதுவாக ஓட்டி அன்றே கராஜுக்குப் போகலாம்.

அதே காரில் சில மாதங்களுக்கு முன்தான் பேட் மாற்றப்பட்டிருந்தால் முடிவு தலைகீழாகும். புதிய பேட் உள்ள காரில் திரவம் இறங்கக் காரணமே இல்லை, கசிவு என்றுதான் கொள்ள வேண்டும். மிதி உறுதியாகத் தோன்றினாலும் அந்தக் காரை ஓட்டக் கூடாது, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சிவப்பு பிரேக் விளக்கோடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தாலும் அப்படியே. இரண்டும் ஒன்றாக எரிந்தால், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது பின்சில்லுகள் இறுகி வண்டி சறுக்கக்கூடும்.

இந்த நிலையில் பலர் செய்வது, ஒரு போத்தல் பிரேக் திரவம் வாங்கிக் கலத்தை நிரப்புவது. விளக்கு அணைந்துவிடும், தேய்ந்த பேட்டோ கசியும் குழாயோ அப்படியே இருக்கும். பேட் தேய்ந்ததைச் சொல்லக்கூடிய எச்சரிக்கை மறைந்துவிடும். பிறகு புதிய பேட் போடும்போது பின்தள்ளப்படும் திரவம் கலத்தில் இடமில்லாமல் வழிந்து பெயின்ற்றைக் கெடுக்கும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கலத்தைத் தொட வேண்டும்.

ஒயில் மாற்றும் இடைவெளிக்கும் புத்தகத்தை அப்படியே பின்பற்ற முடியாது. டொயோட்டாவின் சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்று அதில் இருக்கும். அதன் பக்கத்தில் シビアコンディション என்ற தலைப்பில் 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது கடினமான சூழலில் ஓடும் வண்டிக்கானது: கரடுமுரடான வீதி, மலைப்பாதை, எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்கள். கிராவல் ஒழுங்கைகளில் ஓடும் காருக்கும், நுவரெலியா ஏற்றங்களில் ஏறும் காருக்கும், பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காருக்கும் பொருந்துவது இந்த இரண்டாவது கணக்குத்தான்.